எட்டு மாதம் தள்ளி நின்ற சனி

கேள்வி: நானும் அவளும் வேறு வேறு நாட்டில் இருக்கிறோம். மூன்று நாளாக என் செய்திக்கு ஆறு மணி நேரம் கழித்துத்தான் பதில் வருகிறது. புதன் வக்கிரமாக இருப்பதால் இப்படியா? பிரிந்துவிடுவோமா?

பதில்: நீங்கள் செய்தி அனுப்பும் நேரம் அவளுக்கு நடுச்சாமம். புதன் மேல் பழி போடாதீர்கள். அவள் தூங்கட்டும்.

இப்படித்தான் நான் பதில் எழுதுவேன். எங்கள் இணைய இதழில் வாரம் ஒரு முறை, தள்ளித் தள்ளி இருக்கும் ஜோடிகளின் ஜாதகக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது என் வேலை. ஒரு சலவைக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இரண்டு அறை, நான்கு மேஜை, காலை முதல் மாலை வரை கீழிருந்து சோப்பு வாசனை. ஜோசியம் என்றதும் விபூதி, வெற்றிலை என்று எதையாவது கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் ஏமாந்துதான் போவார்கள். ஒரு கணினி, இரண்டு மூக்குக் கண்ணாடி, அடுத்தவர் முட்டாள்தனத்தைப் பொறுக்க முடியாத வாய், அவ்வளவுதான் நான்.

ஆனால் வேலையில் ஏனோதானோ கிடையாது. கேள்வி அனுப்புகிறவர் நிரப்ப வேண்டிய படிவத்தை நான்தான் தயாரித்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர், அந்த நேரத்தைச் சொன்னது யார், எல்லாம் கேட்பேன். கடைசியாக ஒரு கட்டம்: 'நீங்கள் பிறந்த சமயம் உங்கள் ஊரில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்களா?' இந்தக் கட்டத்தை நிரப்பாத கேள்வியை நான் தொடவே மாட்டேன். கடிகாரம் என்ன காட்டினால் என்ன, வானம் அதற்காக முன்னே ஓடாது. கோடை நேரத்தில் பிறந்தவருக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்துவிட்டுத்தான் கட்டம் போட வேண்டும். ஒரு மணி நேரத்தில் லக்னம் அரை ராசி நகரும், சந்திரன் சுமார் அரைப் பாகை நகரும். அரைப் பாகைதானே என்று விட்டால் சில சமயம் நட்சத்திரமே மாறிப்போகும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டது.

என் ஆளும் தூரத்தில்தான் இருக்கிறான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், அதனால் எனக்கு அவன் நெட்டை. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், இயந்திர அறையில், கிரீஸும் வயருமாக நாளெல்லாம் நிற்கிறவன். மூன்று வருடமாக வேறு தேசம். வருடத்துக்குப் பத்து நாள் வருவான். வந்த முதல் இரண்டு நாள் கூச்சம், கடைசி இரண்டு நாள் சண்டை, நடுவில் ஆறு நாள் வாழ்க்கை. அவன் போன பிறகு தலையணை உறையைத் துவைக்காமல் வைத்திருப்பேன். சலவைக் கடைக்கு மேலே வேலை பார்க்கிறவள் இதை வெளியில் சொல்ல முடியுமா?

அவனைப் பார்க்க முடியாத நாட்களில் அவன் ஜாதகத்தைப் பார்ப்பேன். புகைப்படம் இருக்கிறது, ஆனால் புகைப்படத்தில் இருப்பது போன வருடத்து நெட்டை. ஜாதகத்தில் இன்றைக்கு அவனுக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் பொருத்தம் பத்துக்கு எட்டு. எனக்கு மகம், அவனுக்குப் பரணி. கணமும் மாகேந்திரமும் இல்லை, போகட்டும். முக்கியமான ரஜ்ஜு இருந்தது. இருபத்தேழு நட்சத்திரங்களைப் பாதம், தொடை, வயிறு, கழுத்து, தலை என்று உடம்பின் ஐந்து இடங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில் விழுந்தால் ரஜ்ஜு தட்டும். என் மகம் பாதத்தில், அவன் பரணி தொடையில். தட்டவில்லை. பாதத்தில் இரண்டு பேரும் விழுந்தால் ஓரிடத்தில் சேர்ந்து இருக்க விடாது, அலைச்சல், பிரிவு என்பார்கள். தூரத்தில் இருக்கும் ஜோடிகளுக்கு நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் நெட்டை ஒரு நாள் போனில், "போதும்டி, வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்றான். நான் உடனே கணினியைத் திறந்தேன். அவனுக்குச் சந்திர தசை, அதாவது சந்திரன் ஆளும் பத்து வருடம்; அதற்குள் ஒவ்வொரு கிரகத்துக்கும் வரும் பங்குதான் புக்தி. குரு புக்தி முடிந்து அந்த மாதம்தான் சனி புக்தி தொடங்கியிருந்தது, பத்தொன்பது மாதம். சனி அவன் தொழில் ஸ்தானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, கையில் இருக்கும் வேலையை விடச் சொல்வேனா? "இப்ப வேண்டாம், சனி புக்தி போகட்டும், புதன் புக்தியில வா" என்றேன். அவன், "சரி ஜோசியரம்மா, நீ சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தத்தை நீட்டித்தான்.

நான் நாள் எண்ணினேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் ஒட்டி, மாதம் ஒரு கோடு. பதினெட்டு கோடு போட்டாகிவிட்டது. இந்த வாரத்தோடு பத்தொன்பது. வெள்ளிக்கிழமைக்குள் அவன் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாக இன்னும் ஒரு வருடம் ஓடும். வந்ததும் திருமணத்தைப் பதிவு செய்வதாக இருந்தோம். அதற்காக அவன் அக்கா வீட்டில் இருந்த பிறப்புச் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை காலை அது வந்தது. அப்போது நான் நாலாவது கேள்வியில் இருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'நான்கு வருடமாக அவர் ஒரு நாட்டில், நான் ஒரு நாட்டில். இரண்டு பேருக்கும் பாத ரஜ்ஜு. இந்த உறவு நிலைக்குமா? நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்.' கேள்வியின் கடைசி வரியைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நான் வேண்டாம் என்றால் விட்டுவிடுவாளாம், நான் யார் இவளுக்கு? ஆனாலும் விரல் பழக்கத்தில் தட்டிக்கொண்டே போனது. 'பாத ரஜ்ஜு தட்டினால் தூரம் குறையாது. யோசித்து முடிவெடுங்கள்.' இப்படி எழுதினால் யாரும் யோசிக்க மாட்டார்கள், விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா அனுப்பிய படம் வந்து விழுந்தது. பெயர் எழுத்து சரியா என்று பார்க்கத்தான் திறந்தேன். பழுப்பேறிய தாள், கையெழுத்து, முத்திரை. பிறந்த நேரம் காலை ஐந்து நாற்பது. அம்மா சொன்னதாக அவன் சொல்லியிருந்த அதே நேரம். பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு வார்த்தை: கோடை நேரம்.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அவன் பொறந்தப்ப கடிகாரத்தைத் தள்ளி வெச்சிருந்தாங்களா?"

"ஆமா, அந்தக் காலத்துல ரெண்டு மூணு வருஷம் அப்படி வெச்சாங்க. எங்கப்பா அதனால தினமும் பஸ்ஸை விட்டுட்டு வந்து திட்டுவாரு. ஏன் கேக்கற?"

"சும்மாதான் அக்கா."

"உன் குரலே சரியில்லையே."

"சலவைக்கடைப் புகை," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எப்படி விட்டேன் என்று இப்போது தெரிகிறது. அவன் பிறந்த விவரத்தை வாங்கிய அன்று அந்தப் படிவம் கிடையாது. காபிக் கடையில் ஒரு காகித நாப்கினில் எழுதிக்கொண்டேன். அவன் தேதி சொன்னான், நேரம் சொன்னான், ஊர் சொன்னான். கோடை நேரமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய நொடியில் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. ஊருக்கெல்லாம் கட்டம் வைத்துக் கேள்வி கேட்கிறவள், தன் ஆளிடம் கோட்டை விட்டேன்.

பிறந்த நேரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக் கட்டத்தை மறுபடி போட்டேன். முன்பு சந்திரன் பரணிக்குள் நுழைந்து அரைப் பாகைக்கும் குறைவாகத்தான் தாண்டியிருந்தது. இப்போது அது பரணி வாசலுக்கு வெளியே நின்றது. அசுவினி, நாலாம் பாதம், கடைசி நுனி. அசுவினியும் பாத ரஜ்ஜு, என் மகமும் பாத ரஜ்ஜு. மாகேந்திரம் புதிதாகப் பொருந்தியது, தினப் பொருத்தமும் ரஜ்ஜுவும் போயின. பத்துக்கு ஏழு. எண்ணிக்கையில் ஒன்றுதான் குறைவு, ஆனால் போனது ரஜ்ஜு.

அதோடு நின்றிருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். பிறக்கும்போது சந்திரன் நட்சத்திரத்தில் எவ்வளவு தூரம் கடந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் முதல் தசையில் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். அதற்குப் பிறகு வரும் தசை, புக்தி எல்லாம் அதன் மேல்தான் ஏறி வரும். முதல் பொத்தானை மாற்றிப் போட்டால் சட்டை முழுக்கக் கோணல்தான். பரணி என்று நினைத்து, பிறக்கும்போதே சுக்கிர தசையில் ஏழு மாதம் போய்விட்டதாக நான் போட்டிருந்தேன். அசுவினி என்பதால் அவனுக்குச் சுக்கிர தசைக்கு முன்னால் வரும் கேது தசையில் இருபத்தைந்து நாள் மிச்சம் இருந்திருக்கிறது. ஆக எல்லாமே எட்டு மாதம் தள்ளிப் போகிறது.

எட்டு மாதம். அதாவது பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் அவன் "வந்துடறேன்" என்று சொன்ன அன்று, சனி புக்தி தொடங்கவே இல்லை. குரு புக்தியில் இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் பாக்கி. என் சாஸ்திரப்படியே அவன் அன்றைக்கு வந்திருக்கலாம். நான்தான் தடுத்தேன். சனியா தடுத்தது, நான் தடுத்தேன். இன்னொன்று அதைவிட மோசம். இந்த வாரத்தோடு முடிகிறது என்று நான் கோடு போட்டுக் காத்திருந்த சனி புக்தி முடியவில்லை. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணினி அலுத்துக்கொள்ளாமல் மூன்று முறையும் அதையே சொன்னது.

இதழின் ஆசிரியர் தன் மேஜையிலிருந்து தலையை நீட்டினார். "நாலாவது கேள்வி முடிஞ்சுதா? மதியத்துக்குள்ள ஏத்தணும்."

"அஞ்சு நிமிஷம் சார்."

"அஞ்சு நிமிஷம்னு சொல்லி அரை மணி ஆச்சு. உங்க அஞ்சு நிமிஷத்துக்கு மட்டும் தனிக் கடிகாரமா?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்குப் பதில் கொடுத்திருப்பேன். அன்று கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரையில் பாதி எழுதிய பதில் நின்றுகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தால் எனக்கு நான் என்ன பதில் எழுதுவேன்? பாத ரஜ்ஜு, சனி புக்தி, எட்டு மாதம் பொறுங்கள். இதைத்தான் எழுதுவேன். தயங்கவே மாட்டேன். அதை நெட்டையிடம் சொன்னால் அவனும் தயங்கமாட்டான். நீ சொன்னா சரி என்பான். வெள்ளிக்கிழமை தாண்டும், ஒப்பந்தம் ஒரு வருடம் ஓடும், நான் குளியலறையில் புதுத் தாள் ஒட்டுவேன்.

சொல்லாமல் விட்டால்? அந்தப் படத்தை அழித்துவிட்டால் பரணி பரணியாகவே இருக்கும். அவன் வருவான். பிறகு ஏதாவது வேலை கிடைக்காமல் அலைந்தால், ஒவ்வொரு நாளும் நான் மட்டும் உள்ளுக்குள் எட்டு மாதத்தை எண்ணிக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தப் பொய்யை என்னால் தூக்க முடியாது. என்னிடம் நேரம் மறைத்துக் கேள்வி கேட்டவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

பாதிப் பதிலை அழித்தேன். அந்தப் பெண்ணுக்குப் புதிதாக எழுதினேன். 'ரஜ்ஜு தட்டுவது உண்மை. ஆனால் என் சொந்தக் கணக்கிலேயே இன்று ஒரு மணி நேரம் தப்பு கண்டுபிடித்தேன். அந்தத் தப்பால் இரண்டு பேர் ஒன்றரை வருடத்துக்கு மேல் தள்ளி இருந்துவிட்டார்கள். அதனால் என் வார்த்தையை நம்பி இந்த வாரம் யாரையும் விட்டுவிடாதீர்கள். நான் வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.'

ஆசிரியர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "இது போட்டா அடுத்த வாரம் யாரு கேள்வி அனுப்புவா?"

"அனுப்பாட்டி போறாங்க சார். போடுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு போட்டார்.

என் மதிய உணவு நேரம் அவனுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். தினமும் அப்போதுதான் பேசுவோம். மாடிப்படியில் உட்கார்ந்து கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"சொல்லுங்க ஜோசியரம்மா, இன்னிக்கு என் கிரகம் எல்லாம் சௌக்கியமா?"

தினமும் கேட்கிற கேள்விதான். அன்றைக்கு அது நெஞ்சில் இடித்தது.

"நெட்டை, விளையாடாத. ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத."

சொன்னேன். கோடை நேரம், பரணி, அசுவினி, ரஜ்ஜு, எட்டு மாதம். அவனுக்குப் புரியாத இடத்தில் நிறுத்திப் புரியவைத்தேன். நீ அன்றைக்கே வந்திருக்கலாம், உன்னை நிறுத்தியது என் தப்பு என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் எங்கோ அவன் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்து மூடும் ஓசை கேட்டது.

"அப்ப..." என்றான் கடைசியில். "இன்னும் எட்டு மாசமா?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பழகிப்போன குரலில், சொன்னதைச் செய்கிறவன் குரலில் கேட்டான். மூன்று வருடத்தில் அந்தக் குரலை நான்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறேன் என்று தோன்றியது.

"இல்ல," என்றேன்.

"ஜாதகம் அப்படித்தானே சொல்லுது?"

"ஜாதகம் அப்படித்தான் சொல்லுது. நீ வா."

"என்ன?"

"வான்னு சொன்னேன். எனக்கு உன்னைப் பாக்கணும். ரஜ்ஜு தட்டினா தட்டட்டும், வேலை கிடைக்காட்டி கிடைக்கும்போது கிடைக்கட்டும். என்னால இனிமே முடியாதுடா. நீ வந்துடு."

இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"நெட்டை?"

"இருக்கேன்." மூக்கை உறிஞ்சினான். "மூணு வருஷமா நீ இதைச் சொன்னதே இல்ல தெரியுமா? புக்தி முடிஞ்சா வரலாம்னு சொல்லியிருக்க. குரு பாத்தா வரலாம்னு சொல்லியிருக்க. வான்னு சொன்னதில்ல. உனக்கு நான் வரணும்னு இருக்கா, இல்ல கிரகத்துக்குத்தான் இருக்கான்னு எனக்கே தெரியாம இருந்துது."

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அவனுக்காக நான் எண்ணிய நாட்களை எல்லாம் அவனிடம் சொன்ன மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தேன். தாளில் போட்ட கோடு அவன் காதில் எப்படி விழும்?

"உனக்கு நானும் ஒண்ணு சொல்லணும்," என்றான். "திட்டக் கூடாது."

"சொல்லு."

"கடிதத்தைத் திங்கக்கிழமையே குடுத்துட்டேன்."

"என்னடா சொல்ற! என்கிட்ட கேக்காமயா?"

"கேட்டா வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு கிரகத்தைக் கண்டுபிடிச்சுடுவியோன்னு பயமா இருந்துது. இந்தத் தடவை நீ என்ன சொன்னாலும் வந்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வந்து வாசல்ல நிப்பேன், தொரத்தினா தொரத்திக்கோன்னு."

அவன் பயந்தது சரிதான். நான் கண்டுபிடித்துத்தான் விட்டேன். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. என் ஆளே என்னைப் பார்த்துப் பயந்து, எனக்குத் தெரியாமல் என்னிடம் வருவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறான்.

"எப்ப கிளம்பற?" என்றேன். "இந்த ஞாயிறா?"

"நோட்டீஸ் காலம் ரெண்டு மாசம் இருக்குடி. அது முடிஞ்சுதான் விடுவாங்க."

"ரெண்டு மாசமா!" என்று கத்திவிட்டேன். கீழே சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பத்தொன்பது மாதம் கோடு போட்டுக்கொண்டு வாயை மூடி இருந்தவள், அந்த இரண்டு மாதத்தைப் பொறுக்க முடியாமல், மாடிப்படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.